கீழக்கரையிலிருந்து துபாய்க்கு வரும் தம்பிகளுக்கு: வேலையை விடும்போது எழுத வேண்டிய மெயில்

நம்மூரில் கடையை விட்டு நிற்பது எளிது. முதலாளியிடம் நேரில் சொல்லி, கணக்கை முடித்துக்கொண்டு, சலாம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்துதான் என் மச்சான் 2,000 திர்ஹம் இழந்தான்.

முதல் வேலைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். புதுக் கம்பெனியின் ஆஃபர் கடிதத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்தாகும்வரை வாயைத் திறக்காதீர்கள். பிறகு உங்கள் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் எத்தனை நாள் என்று பாருங்கள். சட்டப்படி 30 முதல் 90 நாள்வரை இருக்கலாம். ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கு விதி வேறு, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மச்சான் கதைக்கு வருகிறேன். அவனுக்குச் சம்பளம் 3,000, நோட்டீஸ் 30 நாள். புதுக் கம்பெனி அவசரப்படுத்தியது. ராத்திரி ரூமில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினான். ஓவர்டைம் தரவில்லை, ஒரே அறையில் எட்டுப் பேர், மேனேஜருக்கு ஆளைப் பார்த்துப் பேசத் தெரியாது, "சீக்கிரம் விடுவிக்கவும்". கடைசி நாள் எது என்று மட்டும் எழுதவில்லை. பத்தாம் நாளோடு போவதை நிறுத்திக்கொண்டான். மிச்சம் 20 நாள் சம்பளத்தைக் கணக்கில் பிடித்துவிட்டார்கள். சட்டம் அவர்கள் பக்கம்தான்.

எனக்கு எரிச்சல் அதில் இல்லை. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் நோட்டீஸைக் குறைக்க அதே சட்டம் இடம் தருகிறது. கேட்டிருந்தால் அந்த மேனேஜர் விட்டிருப்பார், எனக்கு முன்பு அப்படி விட்டவர்தான். அவரைத் திட்டி எழுதிவிட்டு அவரிடமே சலுகையை எப்படிக் கேட்பது?

நான் அனுப்பியது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா, என் பணியிலிருந்து விலகுகிறேன். இன்று மார்ச் 3. 30 நாள் நோட்டீஸ்படி என் கடைசி வேலைநாள் ஏப்ரல் 2. பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். இங்கே வேலை கற்றுக்கொடுத்ததற்கு மிக்க நன்றி."

புதுக் கம்பெனி பெயரோ சம்பளமோ வேண்டாம். எச்ஆருக்கு ஒரு நகல், உங்கள் சொந்த மெயிலுக்கு ஒரு நகல். முன்கூட்டியே போக வேண்டுமானால் நேரில் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் புதுத் தேதியை அவர் மெயிலில் பதிலாகப் போடும்வரை வேலைக்குப் போய்க்கொண்டே இருங்கள்.

ஓவர்டைம் பாக்கி இருந்தால் விட்டுவிடச் சொல்லவில்லை. அதை நாள்வாரியாகத் தனித்தாளில் எழுதி, கணக்கு முடிக்கும்போது எடுத்து வையுங்கள். எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்ற தாளில் தொகை சரியாகும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். வேலை முடிந்து 14 நாளுக்குள் பாக்கியைத் தர வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் செய்யலாம். குறை சொல்லும் இடம் அது.

அப்புறம், நான் கிளம்பிய அன்று உம்மா அனுப்பிய தொதலில் பாதியை அந்த மேனேஜருக்குக் கொடுத்தேன். கேரளாக்காரர், இன்னும் போனில் அதைத்தான் கேட்கிறார்.