பின்கொசுவம் கட்டுறது எப்படி: 6 கஜத்துல ஒரு மாதிரி, 9 கஜத்துல வேற மாதிரி

நம்ம பொள்ளாச்சி, உடுமலை பக்கம் வயசான அம்மணிக தோட்டத்துல கட்டிட்டு இருப்பாங்களே, கொசுவம் பின்னாடி விசிறியா நிக்குமே, அந்தக் கட்டுதானுங்க இது. முதல்ல பழக 6 கஜ காட்டன் போதும், நெகமம் சேலைன்னா நல்லா நிக்கும், வழுக்குற சில்க் இப்போதைக்கு வேண்டாம்.

கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. சேலை அகலம் 46 இன்ச்னு வைங்க, கணுக்கால் தெரியுற மாதிரி இடுப்புல இருந்து 37 இன்ச் கீழ விட்டா மேல 9 இன்ச் மிஞ்சும், வழக்கமா கட்டுறப்போ இதை உள்ள சொருகிடுவோம், இங்க பின்னாடி மட்டும் அதுதான் விசிறியா வெளிய வரும்.

1. பாவாடை நாடாவை நல்லா இறுக்கிக் கட்டுங்க. முந்தி இல்லாத நுனியில இருந்து 5 இன்ச் அகலத்துல மடிப்பு எடுங்க, ஒரு மடிப்புக்கு 10 இன்ச் துணி போகும். 6 கஜத்துல 7 மடிப்பு வந்தா சரி, அதுக்கு மேல எடுத்தா முந்தி பத்தாது.

2. மடிப்பை மொத்தமா நடு முதுகுக்குக் கீழ வெச்சு, 9 இன்ச் மேல நிக்கிற மாதிரி ஒரு கையால பிடிச்சுக்கோங்க.

3. மீதித் துணியை வலது இடுப்பு வழியா முன்னாடி கொண்டாந்து, இடது பக்கமா பின்னாடி கொண்டு போயி கொசுவத்து மேலயே இறுக்கமா சுத்துங்க, மேல மிஞ்சுறதை உள்ள சொருகிட்டே வாங்க. கொசுவத்தைப் பிடிச்சு நிறுத்துறதே இந்தச் சுத்துதான், இதுல மட்டும் அவசரப்படாதீங்க.

4. திரும்ப வலது பக்கமா முன்னாடி வந்து முந்தியை இடது தோள்ல போடுங்க. இப்போ மேல நிக்கிற மடிப்பை வெளிய கவுத்து விரிச்சு விடுங்க.

தரையில உக்காந்து எந்திரிச்சுப் பாருங்க. கொசுவம் ஒரு பக்கமா நகந்திருந்தா 3வது ஸ்டெப் லூசுன்னு அர்த்தம், பின் குத்தி சமாளிக்காம அவுத்துட்டு திரும்பக் கட்டுறதுதான் நல்லது.

இப்போ கண்ணாடியில சைடா நில்லுங்க. முன் கொசுவத்துல மேல இருந்து கீழ நேர்கோடு ஓடுறதால ஆள் உசரமா, ஒல்லியா தெரிவோம், வயித்தையும் மடிப்பு மறைச்சிடும். இதுல முன்னாடி தட்டையா இருக்கும், வயிறு இருக்குறபடியே தெரியும், சேலை மேல ஏறுறதால உசரம் கொஞ்சம் கம்மியா தெரியும், ஆனா பின்னாடி துணி எடுத்து நிக்கிறதால இடுப்பு நல்லா ஒடுங்கித் தெரியும். நடக்குறப்போ கால்ல எதுவும் தட்டாது, காட்டு வேலைக்கு இது பொருந்துனதே அதனாலதான்.

9 கஜம்னா சுமார் 8.2 மீட்டர், 6 கஜத்தை விட 2.7 மீட்டர் அதிகம். அதுல 1 மீட்டரை இடுப்பைச் சுத்தி இன்னொரு சுத்துக்கு விட்டு, மீதியை கொசுவத்துக்குக் குடுத்தா 13 மடிப்பு வரும். விசிறி கனமா நிக்கும், இடுப்புக்குக் கீழ உருண்டு திரண்டு தூண் மாதிரி தெரியும், உள்பாவாடை கூட தேவைப்படாது, இடுப்புல ஒரு கயிறு போதும். மடிசார்ல இதே 9 கஜம் காலுக்கு நடுவுல கச்சமா போறதால ரெண்டு காலும் தனித்தனியா தெரியும், அது வேற கணக்கு. ஒல்லியா இருக்குறவங்களுக்கு 9 கஜ பின்கொசுவம் ரொம்ப எடுப்பா இருக்கும், இடுப்பு அகலமா இருந்தா அந்த எக்ஸ்ட்ரா சுத்தை விட்டுட்டு முந்தியை நீளமா விடுங்க.