எதைச் சுருக்க, எவ்வளவுக்கு?

ஏப்ரலில் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா வந்தால் என் வாட்ஸ்அப்பில் இப்படித்தான் செய்திகள் வரும்: "அண்ணே, லிமிட்டுக்குள்ள சுருக்கிக் கொடுங்க, அர்ஜென்ட்." கட்டுரையும் இருக்காது, லிமிட் எத்தனை என்றும் இருக்காது. முன்பெல்லாம் "அனுப்புங்க" என்று மட்டும் பதில் போடுவேன். கட்டுரை வரும், லிமிட் வராது. அதைக் கேட்பதற்குள் ராத்திரியாகிவிடும்.

இப்போது ஒரே பதிலைச் சேமித்து வைத்திருக்கிறேன்: "கட்டுரையைப் படமாக இல்லாமல் எழுத்தாக ஒட்டுங்க. லிமிட் எழுதியிருக்கும் வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. எதை வெட்டக்கூடாது?"

ஸ்கிரீன்ஷாட் ஏன் என்றால், வாயால் சொல்லும் எண்ணை நம்ப முடியாது. நாடகக் குழுத் தங்கை ஒருத்தி "ஐந்நூறு" என்றாள். படிவத்தைப் பார்த்தால் 500 characters! ஐந்நூறு சொற்களுக்கும் இதற்கும் எட்டாத தூரம். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'தமிழ்' நம் கணக்கில் மூன்றெழுத்து. பெரும்பாலான படிவங்கள் 'மி'யின் மேல்விலங்கையும் 'ழ்' மேலுள்ள புள்ளியையும் தனித்தனியாக எண்ணி ஐந்து என்னும். இடைவெளியும் கணக்கில் சேரும். ஆக, அவளுக்குக் கிடைப்பது சுமார் அறுபது சொற்கள்தான்.

கதைச்சுருக்கத்தை மொத்தமாக எடுத்துவிட்டு, நாள், இடம், ஒரு வரிக் கதை மட்டும் வைத்தோம். படிவத்திலேயே ஒட்டிப் பார்த்தாள், கடைசிச் சொல் அறுபடாமல் நின்றது.

சொல் லிமிட் என்றால் சிலர் இடைவெளியை நீக்கி இரண்டு சொல்லை ஒன்றாக்குவார்கள். அதற்கு நான் உடன்படுவதில்லை.