பாஸ்போர்ட், பாஸ்புக், செல்ஃபி: நேர்காணலுக்கு முன்பே கேட்டால் என்ன செய்வது?

மன்னார்குடி பக்கத்துப் பையன் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "துபாயில் கிடங்கு வேலை. சாப்பாடு, தங்குமிடம் இலவசம். பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசிப் பக்கம், பாஸ்புக் முதல் பக்கம், பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபி, எல்லாம் இன்றே அனுப்பவும். இன்டர்வியூ தேதி பிறகு."

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை பக்கமெல்லாம் தெருவுக்கு நாலு பேர் வெளிநாட்டில் இருப்பதால், பாஸ்போர்ட் கேட்பது யாருக்கும் வித்தியாசமாகப் படாது. நிஜமான ஏஜென்சிகளிலும் சில பாஸ்போர்ட் நகலை முதலிலேயே கேட்பதுண்டு. மூன்றையும் சேர்த்துக் கேட்பதுதான் ஆபத்து.

படி 1: என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்

பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, எண், கையெழுத்து இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் அப்பா அம்மா பெயரும் முகவரியும் இருக்கின்றன. இதோடு செல்ஃபியும் சேர்ந்தால், ஆன்லைனில் உங்கள் பெயரில் கணக்குத் திறக்கத் தேவையானவற்றில் பெரும்பகுதி வந்துவிட்டது. அடையாள அட்டையைக் கையில் பிடித்த செல்ஃபியைத்தான் பல கிரிப்டோ தளங்களும் கேட்கின்றன. "கண்ணைச் சிமிட்டி, தலையைத் திருப்பி ஒரு வீடியோ அனுப்புங்கள்" என்றால், கேமரா முன் இருப்பது உயிருள்ள ஆள்தான் என்று காட்டும் சோதனைக்கு உங்கள் முகத்தைப் பயன்படுத்தப்போகிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

பாஸ்புக் எதற்கு? துபாய் கம்பெனி சம்பளத்தை அங்கேயுள்ள வங்கி அல்லது எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் போடும். மன்னார்குடி கிளைக் கணக்கு எண் நேர்காணலுக்கு முன்பு தேவையே இல்லை. வேறு யாரிடமோ ஏமாற்றிய பணத்தை உங்கள் கணக்கில் போட்டு, "விசா டெபாசிட் தவறி வந்துவிட்டது, இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் தம்பி" என்று கேட்க அது உதவும். அனுப்பினால் போலீஸ் தேடும்போது முதலில் வருவது உங்கள் பெயர்தான்.

படி 2: ஏஜென்சியைச் சரிபாருங்கள்

1983 குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். emigrate.gov.in தளத்தில் பதிவுபெற்ற ஏஜென்டுகள் பட்டியல் இருக்கிறது. பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது. நிஜமான ஏஜென்சியின் பெயரையும் உரிம எண்ணையும் திருடிப் போட்டிருக்கலாம். அதனால் செய்தியில் வந்த எண்ணை விட்டுவிட்டு, பட்டியலில் உள்ள எண்ணுக்குப் பேசி, "இந்த வேலை உங்களுடையதா?" என்று கேளுங்கள். சிங்கப்பூர் ஏஜென்சி என்றால் mom.gov.sg தளத்தில் அந்த நாட்டு உரிமப் பட்டியலைப் பாருங்கள்.

படி 3: இப்படிப் பதில் அனுப்புங்கள்

"ஐயா, பயோடேட்டா அனுப்புகிறேன். நேர்காணல் முடிந்து, வேலை உத்தரவு வந்ததும் மற்ற ஆவணங்களை அலுவலகத்துக்கே நேரில் கொண்டுவருகிறேன். அலுவலக முகவரியும் உரிம எண்ணும் அனுப்புங்கள்."

நிஜ ஏஜென்சிக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. "இன்னும் ரெண்டு சீட்தான், அரை மணி நேரத்தில் அனுப்பு" என்று விரட்டினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 4: நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால்

விசாரித்த பிறகு, முதல் பக்கம் மட்டும் கொடுங்கள். ஜெராக்ஸ் எடுத்து, எண்ணின் நடு இலக்கங்களைத் தாள் ஒட்டி மறையுங்கள். இங்கே பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: பக்கத்தின் அடியில் `<<<` குறிகளோடு வரும் இரண்டு வரிகளில் இரண்டாவது வரியிலும் அதே எண் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டும். படத்தின் மேல் குறுக்கே ஏஜென்சி பெயர், வேலை, தேதி எழுதி, "இதற்கு மட்டும்" என்று போடுங்கள். அப்புறம் அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். போனிலேயே ஹைலைட்டர் பேனாவால் மறைத்தால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டி உள்ளே இருப்பதைப் படித்துவிட முடியும்.

படி 5: ஏற்கனவே அனுப்பிவிட்டீர்களா?

அந்த எண்ணை பிளாக் செய்வதற்கு முன் உரையாடல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர்கள் தரப்பில் செய்தியை அழித்துவிட வாய்ப்புண்டு. "இன்டர்வியூ பதிவுக்கு" என்று ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள். அதுவரை பாதியில் நிற்கும் மோசடி அந்த ஆறு இலக்கத்தில்தான் முழுமையாகும். வங்கிக் கிளைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தெரியாத பணம் வந்தால் யாருக்கும் அனுப்பாமல் வங்கியிடம் சொல்லுங்கள்.

அடுத்து sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை மொபைல் இணைப்புகள் உள்ளன என்று பாருங்கள், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா என்று சில மாதங்களுக்குப் பிறகும் பாருங்கள், உடனே பதிவாகாது.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் போகாவிட்டாலும் cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். வாங்காத கடனுக்காக யாராவது நாளை வாசலில் வந்து நின்றால், நீங்கள் முன்பே புகார் கொடுத்ததைத் தேதியோடு காட்ட அந்த எண்தான் கையில் இருக்கும்.