டிவியில் குடும்பப் படம் காட்ட மிரரிங் போடுகிறீர்களா? இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்த மறுநாள் சாயங்காலம், கூடத்தில் பதினைந்து பேர். எதிரே 43 இன்ச் டிவி. போனை மிரரிங்கில் போட்டேன். திரை நடுவில் ஒல்லியாக ஒரு பட்டை, இரண்டு பக்கமும் கறுப்பு, பட்டைக்குள் தபால் கார்டு கணக்கில் ஒரு குரூப் போட்டோ. பெரியம்மா எழுந்துபோய் டிவியை ஒட்டி நின்றுகொண்டு, "இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்றார்.

கோளாறு டிவியில் இல்லை. மிரரிங் அனுப்புவது போட்டோவை அல்ல, போனின் திரையை. இது மனதில் பதியாததால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

43 இன்ச் டிவியின் திரை சுமார் 95 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். இப்போதைய போன்களின் திரை பெரும்பாலும் 20:9 அளவில் நீளமாக இருக்கும். போனை நிமிர்த்திப் பிடித்தால் டிவியில் அதற்குக் கிடைப்பது 24 செ.மீ. அகலம்தான். அதற்குள் படுக்கைவாட்டில் எடுத்த போட்டோ வந்தால் 24-க்கு 18 செ.மீ. அதே போனைப் படுக்கப் போட்டால் போட்டோ 57-க்கு 43 ஆகிவிடும், பரப்பில் ஐந்து மடங்குக்கு மேல். நான் போனைத் திருப்பித்தான் பார்த்தேன், படம் திரும்பவில்லை. Auto rotate அணைந்து கிடந்தது. படுத்துக்கொண்டு போன் பார்க்கிறவர்கள் வீட்டில் அது எப்போதும் அணைந்துதான் கிடக்கும். மேலிருந்து இழுத்து அதைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது வைஃபை குழப்பம். "வீட்டில் நெட் இல்லை, எப்படி மிரரிங்?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இருக்கும் மிராகாஸ்ட் முறைக்கு ரவுட்டரே வேண்டாம். போனும் டிவியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஆனால் போனில் வைஃபை ஆனில் இருக்க வேண்டும். மொபைல் டேட்டா இருக்கிறதே என்று வைஃபையை அணைத்து வைத்திருந்தால் டிவி பெயர் பட்டியலில் வராது. பல டிவிகளில் ரிமோட்டால் Screen mirroring பகுதியைத் திறந்து வைத்தால்தான் போன் கண்டுபிடிக்கும். போனில் இதன் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: சாம்சங்கில் Smart View, மற்றவற்றில் Cast என்றோ Wireless display என்றோ இருக்கும். ஐபோனுக்கு மிராகாஸ்ட் கிடையாது, டிவியில் ஏர்ப்ளே இருக்க வேண்டும். கூகுளின் பிக்சல் போனிலும் கிடையாது, அது கூகுள் காஸ்ட் வழியாகத்தான் போகும். காஸ்ட் முறைக்குப் போனும் டிவியும் ஒரே ரவுட்டரில் இருந்தாக வேண்டும். ஒன்று 2.4, இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தாலும் பொதுவாகப் பாதகமில்லை. விருந்தாளிகளுக்கென்று தனியாக வைத்திருக்கும் கெஸ்ட் வைஃபையில் போன் இருந்தால்தான் சிக்கல். அது வீட்டுக் கருவிகளைக் கண்ணில் காட்டாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பட்டியலில் வரும் முதல் பெயரைத் தொட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டிலும் அதே கம்பெனி டிவி இருந்தால், சீரியல் நடுவே அனுமதி கேட்டு அங்கே போய் நிற்கும். உங்கள் டிவியின் செட்டிங்ஸில் பெயரை 'கூடம்' என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

சங்கடம் தரும் தவறு வேறு. போனில் வருவதெல்லாம் டிவியிலும் வரும். தாலி கட்டும் படம் ஓடும்போது மேலே வங்கிக் கணக்கின் இருப்பு எட்டிப் பார்த்தால் கூடமே படிக்கும். Do Not Disturb போட்டால் போதும் என்று நினைக்கிறோம். பல போன்களில் அது சத்தத்தை மட்டும்தான் நிறுத்தும். நோட்டிஃபிகேஷன் திரையில் தெரியாதபடி மறைக்கும் வசதி அதன் செட்டிங்ஸுக்குள் தனியாக இருக்கும், அதையும் போட வேண்டும். கேலரியைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போவதும் ஆபத்து. விசேஷப் படத்துக்கு அடுத்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்து நிற்கும். முந்தின நாளே நாற்பது ஐம்பது படங்களை எடுத்து ஒரு ஆல்பமாகப் போட்டு, அதை மட்டும் திறங்கள்.

உண்மையில், போட்டோ மட்டும்தான் காட்ட வேண்டும், டிவியிலும் கூகுள் காஸ்ட் இருக்கிறது என்றால் மிரரிங்கே தேவையில்லை. கூகுள் போட்டோஸில் படத்தைத் திறந்து காஸ்ட் குறியைத் தொட்டால் அந்தப் படம் மட்டும் போகும். 43 இன்ச்சில் அது 71-க்கு 53 செ.மீ. வரை விரியும், நோட்டிஃபிகேஷனும் டிவிக்குப் போகாது.

மிரரிங்தான் என்றால் திரை அணையும் நேரத்தைப் பத்து நிமிடமாக்குங்கள். போன் திரை அணைந்தால் பல போன்களில் டிவியிலும் படம் போய்விடும். பார்த்து முடித்ததும் Disconnect கொடுத்துவிட்டுத்தான் வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டும். நான் அன்றைக்கு மறந்துவிட்டேன். சமையல்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று நானும் தம்பியும் எழுதிக்கொண்டதைப் பெரியம்மா இருந்த இடத்திலிருந்தே, கண்ணாடி போடாமல், சத்தமாக வாசித்தார்.