சுவரில் தொங்கும் தரச்சான்றிதழை விற்பனை மேசைக்குக் கொண்டுபோவது எப்படி?

எங்கட பட்டறை கிளிநொச்சியில். மூன்று லேத், ஒரு மில்லிங், நான்கு பொடியன்கள். சூடடிக்கும் இயந்திரங்களுக்கும் லாண்ட்மாஸ்டருக்கும் புஷ், தண்டு கடைகிறோம். ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் கிடைத்த கிழமையே, தெற்கில் விவசாய இயந்திரம் பொருத்தும் பெரிய கம்பனி ஒன்றுக்கு அதைப் பிரதி எடுத்துக்கொண்டு ஓடினேன். கொள்வனவு அதிகாரி ஒருதரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதால எங்களுக்கு என்ன மிச்சம்?" பதில் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்துப்போட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தயாரிப்பதுதான் இந்தச் செய்முறை. சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருக்கிறது, பெரிய வாங்குநரிடம் முதல்தரம் போகப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: சான்றிதழை நீங்கள் முதலில் வாசியுங்கள்

பெரும்பாலானவர்கள் பெயர் சரியா என்று மட்டும் பார்க்கிறார்கள். வாங்குநரின் தரப்பிரிவு பார்ப்பது வேறு. என்ன வேலைக்கு இந்தச் சான்றிதழ், எந்த விலாசத்துக்கு, எதுவரை செல்லும், இதைக் கொடுத்த நிறுவனத்தை யார் அங்கீகரித்தது. ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் நேரே சான்றிதழ் கொடுப்பதில்லை, வேறு நிறுவனங்கள்தான் கொடுக்கின்றன. அந்த நிறுவனம் நம் நாட்டு எஸ்.எல்.ஏ.பி. போன்ற ஓர் அங்கீகாரச் சபையின் கீழ் வருகிறதா என்பதுதான் நாலாவது கேள்வி.

எங்கட சான்றிதழில் வேலை என்ற இடத்தில் "பொது இயந்திர வேலைகள்" என்று இருந்தது. அதை வைத்துப் புஷ் விற்க முடியாது. அடுத்த ஓடிற்றில் "உலோகப் புஷ்களும் தண்டுகளும் கடைதல், துளையிடல்" என்று மாற்றிக் கேட்டோம். விலாசமும் அப்படித்தான். பரந்தனில் இன்னொரு கொட்டில் போட்டு அங்கே அரைவாசி வேலை செய்தால், அந்த அரைவாசி இந்தச் சான்றிதழுக்குள் வராது. வாங்குநர் நேரே வந்து பார்த்தால் கதை அதோடு முடிந்தது.

இன்னொன்று. எஸ்.எல்.எஸ். முத்திரை பொருளுக்கு, ஐ.எஸ்.ஓ. 9001 வேலை நடத்தும் முறைக்கு. ஆகவே பெட்டியில் "ஐ.எஸ்.ஓ. தரப் புஷ்" என்று அச்சடிக்க வேண்டாம். விதிப்படி பிழை. தெரிந்த வாங்குநருக்கு அது உங்கள் அறியாமையையும் காட்டிக்கொடுக்கும்.

படி 2: அவருக்கு எங்கே காசு போகிறது என்று கண்டுபிடியுங்கள்

கொள்வனவு அதிகாரி விலையைப் பார்ப்பார். சாமான் இறங்கும் இடத்தில் அளந்து ஏற்பவர்தான் உங்கள் உண்மையான வாசல். அவரிடம் மூன்றே கேள்வி: ஒரு பெட்டி வந்தால் எத்தனை புஷ் அளக்கிறீர்கள்? கடைசியாகத் திருப்பி அனுப்பிய தொகுதி என்ன பிழைக்கு? அப்போது எத்தனை நாள் வேலை நின்றது?

வாங்குநரிடமும் ஐ.எஸ்.ஓ. 9001 இருந்தால், வெளியிலிருந்து வாங்கும் சாமானுக்கு அவர் பொறுப்பு. தன் விநியோகஸ்தர்களை மதிப்பிட்டு, தெரிந்தெடுத்து, தொடர்ந்து கண்காணித்துப் பதிவு வைக்க வேண்டும். 8.4ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. எங்கள் சான்றிதழ் அந்த மதிப்பீட்டுக் கோப்பில் ஒரு தாளாகச் சேரும். கோப்புக்குள் நுழைய அது போதும், ஓடருக்குப் போதாது.

படி 3: பத்து நிமிடத்தில் பின்னோக்கிப் போய்க் காட்டுங்கள்

ஒரு புஷ்ஷை மேசையில் வையுங்கள். பெட்டியில் உள்ள தொகுதி இலக்கத்திலிருந்து வேலைத்தாள், அதிலிருந்து அன்றைய அளவுத்தாள், எந்த மைக்ரோமீற்றரால் அளந்தது, அது கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, கன்மெற்றல் ரொட் வந்த பில் எது என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வையுங்கள். போகமுன் வீட்டில் மணிக்கூடு வைத்துப் பழகுங்கள். முதல்தரம் எங்களுக்கு 40 நிமிடம் எடுத்தது, ரொட் பில் கணக்குப்பிள்ளையின் லாச்சிக்குள் இருந்தபடியால். இப்போது அதன் பிரதி வேலைத்தாளோடேயே குத்தியிருக்கும்.

இதனால் வாங்குநருக்கு என்ன மிச்சம் என்றால், ஒரு புஷ் பிழைத்தால் முழுச் சரக்கையும் பிரிக்கத் தேவையில்லை. அதே ரொட்டில் கடைந்தவற்றை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

படி 4: உங்கள் பிழை ஒன்றைக் கொண்டுபோங்கள்

இதுதான் எனக்கு ஓடர் வாங்கித் தந்தது. "முறைப்பாடே வரவில்லை" என்று சொல்பவரை ஒரு தரப்பிரிவும் நம்பாது. பதிவே இல்லை என்றுதான் நினைப்பார்கள்.

நான் கொண்டுபோனது வேறொரு வாடிக்கையாளரின் முறைப்பாடு, பெயரை மறைத்து. தண்டு 24.98 முதல் 24.99 மி.மீ. வரை. புஷ்ஷின் உள்விட்டம் 25.00 முதல் 25.02 வரை இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. எங்கள் மேசையில் அளந்தபோது 25.01, அளவு சரி. ஆனால் அங்கே தண்டு இறுகிவிட்டது.

முதலில் பொடியன் கவனமில்லாமல் அளந்தான் என்று எழுதினோம். ஓடிற்றுக்கு வந்தவர் அதை ஏற்கவில்லை. நல்ல காலம். திரும்பத் தேடினோம். புஷ்ஷைக் கூட்டுக்குள் அழுத்திப் பொருத்தும்போது அது நெரிபட்டு உள்விட்டம் சுருங்குகிறது. அதே புஷ்ஷை ஒரு மாதிரிக் கூட்டில் அழுத்தி அளந்தால் 24.99. வரைபட அளவு அழுத்தமுன்னா, அழுத்தியபின்னா என்று நாங்கள் கேட்கவே இல்லை. வேர் அங்கேதான் இருந்தது.

செய்த திருத்தம் இரண்டு. இந்தப் புஷ்ஷுக்கு உள்விட்டத்தை 25.02 முதல் 25.04 வரை கடைந்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்தை மாதிரிக் கூட்டில் அழுத்தி அளக்கிறோம். இனி வரும் எந்தப் புஷ் ஓடருக்கும் வேலைத்தாளின் முதல் வரியே "அழுத்தமுன்னா, பின்னா?" என்பதுதான். இரண்டாவதைத்தான் அழுத்திச் சொல்லுங்கள். முதலாவது அந்தப் புஷ்ஷை மட்டும் சரியாக்கியது. இரண்டாவது இன்னும் வராத ஓடரையும் காப்பாற்றுகிறது.

இந்தத் தாளை வாசித்த தரப்பிரிவுக்காரர் தன் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். அதிலும் அந்தக் குறிப்பு இல்லை.

படி 5: சின்னதாகக் கேளுங்கள்

சான்றிதழைக் காட்டி விலையைக் கூட்டிக் கேட்க வேண்டாம். ஒரு பரீட்சார்த்தத் தொகுதி கேளுங்கள், அவர்கள் முழுதையும் அளக்கட்டும். தொடர்ந்து சில தொகுதிகள் பிழையில்லாமல் போனபின், எங்கள் அளவுத்தாளை ஏற்று மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் அளக்க முடியுமா என்று கேளுங்கள். அவர்களுக்குக் காசு மிச்சமாகும் இடம் அது.

காலத்தையும் பாருங்கள். தை மாதம் காலபோக அறுவடை தொடங்கிவிட்டால் புது விநியோகஸ்தரோடு கதைக்க யாருக்கும் நேரமில்லை. ஆவணி, புரட்டாதியில் போங்கள்.

இது செல்லாத இடமும் உண்டு. பெரிய வாகன உற்பத்திச் சங்கிலிகள் ஐ.ஏ.ரி.எஃப். 16949 கேட்கும், 9001 அங்கே பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடும். சான்றிதழ் மூன்று வருடத்துக்கு, ஆனால் இடையில் வருடாவருடம் கண்காணிப்பு ஓடிற் உண்டு. அதைத் தவறவிட்டால் இடைநிறுத்துவார்கள். அப்படி நடந்தால் வாங்குநருக்கு நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் எடுத்து அறிந்தால், நீங்கள் காட்டிய மற்றத் தாள்களையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

எங்களுக்குக் கிடைத்த முதல் ஓடர் 200 புஷ். அதன் வேலைத்தாளில் முதல் வரிக்கு நேரே அவர்கள் கையால் எழுதி அனுப்பியிருந்தார்கள்: அழுத்தியபின்.