‘இன்றைக்கு இன்டர்வியூ இல்லை’: அவசரத்தில் அனுப்பும் செய்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேர்காணல் நாள். காலை எட்டு மணிக்கு, குழுவின் தலைவர் வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகத் தகவல் வருகிறது. ஆறு பேர் வர வேண்டும்; முதல் ஆளுக்குப் பத்து மணி. நடுவில் இருப்பது இரண்டு மணி நேரம். பதற்றத்தில் ஒரு ஹெச்ஆர் எழுதும் நாலு வரிச் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“வணக்கம். எங்கள் நிறுவனத்தின் மீது தாங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி. தவிர்க்க முடியாத காரணங்களால் தங்கள் நேர்காணல் ரத்து செய்யப்பட்டுள்ளது. இதனால் ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். மறு தேதி பின்னர் அறிவிக்கப்படும்.”

மரியாதையில் குறை இல்லை, இலக்கணத்திலும் குறை இல்லை. ஆனாலும் இதைப் பெற்றவர் அன்று முழுக்கத் தவித்துப் போவார். பல வருடங்களாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். இதே போன்ற செய்தியை நானும் அனுப்பியிருக்கிறேன். அதன் விளைவையும் பார்த்திருக்கிறேன்.

இந்தச் செய்தியைத் திறப்பவருக்கு மூன்று கேள்விகள் இருக்கும். நான் கிளம்பலாமா, வேண்டாமா? என்னைக் கழித்துவிட்டார்களா? அப்படி இல்லையென்றால் அடுத்தது எப்போது? இந்த வரிசையில்தான் பதில் வர வேண்டும்.

மேலே உள்ள செய்தியின் முதல் வரியிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. ‘ஆர்வத்துக்கு நன்றி’ என்பது நிராகரிப்புக் கடிதங்களின் வழக்கமான தொடக்கம். வேலை தேடுகிறவர் அதைப் பலமுறை படித்திருப்பார். மீதியைப் படிக்கும் முன்பே மனம் விட்டுப்போகும். இன்னொன்று, பூட்டிய கைபேசியின் திரையில் ஒரு செய்தியின் முதல் சில சொற்கள் மட்டும்தான் தெரியும். வண்டியில் வந்துகொண்டிருப்பவர் ஓரக்கண்ணால் பார்க்கும்போது ‘வணக்கம், எங்கள் நிறுவனத்தின்’ என்பது மட்டும் தெரிந்தால், வந்து சேர்ந்த பிறகுதான் முழுதாகப் படிப்பார். அதனால் முதல் வரியே ‘இன்று 10 மணி நேர்காணல் நடக்காது, தயவுசெய்து கிளம்ப வேண்டாம்’ என்று இருக்க வேண்டும். மின்னஞ்சலின் தலைப்புக்கும் இது பொருந்தும். ‘உங்கள் நேர்காணல் குறித்து’ என்ற தலைப்பிலிருந்து யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அடுத்தது ‘ரத்து’ என்ற சொல். வேறு நாளில் நடத்தப் போகிறோம் என்றால் அது ஒத்திவைப்பு. ரத்து என்றால் கதை முடிந்தது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். சொல்லை மாற்றுவதோடு நிற்காமல், ‘உங்கள் விண்ணப்பத்தில் எந்த மாற்றமும் இல்லை’ என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். எழுதுகிறவருக்கு அது சொல்லாமலே தெரியும் விஷயம். படிக்கிறவருக்கு அன்று தேவைப்படும் முக்கியமான வரி அதுதான்.

காரணத்தை எவ்வளவு சொல்வது என்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ‘தவிர்க்க முடியாத காரணங்கள்’ என்பதை யாரும் நம்புவதில்லை. வேறு யாரையோ எடுத்துவிட்டார்கள் என்றே தோன்றும். அதற்காக யாருக்கு, என்ன நோய், எந்த மருத்துவமனை என்று எழுதுவதும் கூடாது. அது அந்தச் சக ஊழியரின் சொந்த விஷயம். ஆறு அந்நியர்களுக்கு அதை அறிவிக்கும் உரிமை நமக்கு இல்லை. ‘உங்களை நேர்காண இருந்தவர் வீட்டில் திடீர் மருத்துவ அவசரம்’ என்ற அளவே போதும். ‘அவர் ஊருக்குப் போயிருக்கிறார்’ என்பது போன்ற பொய்க் காரணம் மட்டும் வேண்டவே வேண்டாம். வாரக் கடைசியில் புதிய நேர்காணலுக்கு வருகிறவர் அந்தக் குழுத் தலைவரிடமே ‘உங்கள் ஊர்ப் பயணம் எப்படி இருந்தது’ என்று கேட்டுவிடுவார்.

மன்னிப்பு வரிக்கு வருவோம். ‘ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால்’ என்பதில் அந்த ‘இருந்தால்’ தான் இடிக்கிறது. சிரமம் நடந்தது உறுதி. விடுப்பு எடுத்திருப்பார், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்திருப்பார், ராத்திரி உட்கார்ந்து தயாராகியிருப்பார். ‘நீங்கள் இதற்காக விடுப்பு எடுத்துத் தயாராகியிருப்பீர்கள், இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு என்னை மன்னியுங்கள்’ என்று நடந்ததைப் பெயர் சொல்லி ஒரு முறை கேட்டால் போதும். அதையே நாலு தடவை திருப்பிச் சொன்னால், ‘பரவாயில்லை’ என்று நம்மைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும்.

சரி, செய்தியை நன்றாக எழுதிவிட்டோம். ஆனாலும் பல நேரம் அதைச் சுற்றியுள்ள கருவிகள் காரியத்தைக் கெடுத்துவிடும்.

ஒரு முறை இப்படித்தான் பதற்றத்தில் முதல் வேலையாகக் காலண்டரில் இருந்த அழைப்பை நீக்கினேன். அப்புறம் நிதானமாக உட்கார்ந்து, நல்ல சொற்களாகத் தேடி மின்னஞ்சல் எழுத நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் வர இருந்தவருக்கு அவுட்லுக்கிலிருந்து `Canceled:` என்று தொடங்கும் அறிவிப்பு மட்டும் போயிருந்தது. விளக்கம் எதுவும் இல்லை. கையில் இருந்த இன்னொரு வேலைக்கு அவர் ‘சரி’ சொல்லிவிட்டார். என் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தபோது அவர் முடிவெடுத்தாகிவிட்டது. அன்றிலிருந்து முதலில் செய்தி, பிறகுதான் காலண்டர். அழைப்பை நீக்கும்போது கூடவே ஒரு குறிப்பு அனுப்ப அவுட்லுக்கும் கூகுள் காலண்டரும் இடம் தருகின்றன. அதையும் காலியாக விடுவதில்லை.

ஆள்சேர்ப்பு மென்பொருள் வைத்திருக்கும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். விண்ணப்பதாரரின் நிலையை மாற்றினால் தானாகவே ஒரு கடிதம் போகும்படி அமைத்திருப்பார்கள். அவசரத்தில் தவறான நிலைக்கு நகர்த்தினால் நிராகரிப்புக் கடிதமே போய்விடும். நிலையை மாற்றாமல் விட்டால், முன்பே அமைத்த நினைவூட்டல் ‘இன்று 2 மணிக்கு உங்கள் நேர்காணல்’ என்று மதியம் போகும். செய்தி அனுப்பிய கையோடு அந்த நினைவூட்டலை நிறுத்தினோமா என்று பார்த்துவிட வேண்டும்.

ஆறு பேருக்கும் ஒரே மின்னஞ்சலை `To` அல்லது `Cc` பெட்டியில் போட்டு அனுப்புவது இந்த நேரத்தில் நடக்கும் மோசமான தவறு. யார் யார் வேலை தேடுகிறார்கள் என்பது மற்ற ஐந்து பேருக்கும் தெரிந்துவிடும். ஒரே துறையில் இருப்பவர்களுக்குள் தெரிந்தவர்கள் இருக்க வாய்ப்பு அதிகம். இப்போது வேலை செய்யும் இடத்துக்கு அந்தச் சேதி போனால் திரும்பப் பிடிக்க முடியாது. `Bcc` பெட்டி பெயர்களை மறைக்கும். ஆனால் அதில் ஒருவரின் பெயரையோ நேரத்தையோ எழுத முடியாது. ஆறே பேர் என்றால் தனித்தனியாக அனுப்புவதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். தொலைபேசியிலும் இதே எச்சரிக்கை: சொந்த எண்ணுக்கு மட்டும் அழையுங்கள், வேறு யாராவது எடுத்தால் எதற்கு அழைத்தோம் என்று சொல்லாதீர்கள்.

அழைக்கும் வரிசையும் முக்கியம். பட்டியலில் மேலே இருப்பவரில் தொடங்குவதா? இல்லை, யார் முதலில் கிளம்புவார் என்று யோசிக்க வேண்டும். மதியம் 2 மணிக்கு வர வேண்டியவர் நான்கு மணி நேரப் பயணத்தில் வருகிறார் என்றால், பக்கத்திலிருந்து 11 மணிக்கு வருகிறவரைவிட அவரை முன்னால் அழைக்க வேண்டும்.

புதிய ஏற்பாட்டில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்பது ஏற்பாடே இல்லை. அதற்கு எதிர்ப்பக்கம், மனம் கேட்காமல் ‘வியாழக்கிழமை நிச்சயம்’ என்று வாக்குக் கொடுத்துவிடுவது. குழுத் தலைவர் வியாழனுக்குள் வேலைக்குத் திரும்புவாரா என்று யாருக்குத் தெரியும்? அவருக்குப் பதில் உட்கார ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகே தேதி சொல்ல வேண்டும். அதுவரை ‘நாளை மாலை 5 மணிக்குள் தேதி சொல்கிறேன்’ என்று எழுதுங்கள். ஐந்து மணிக்கு இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்றாலும், முடிவாகவில்லை என்று சொல்லவாவது எழுதிவிடுங்கள்.

நேரம் கொடுப்பதில் ஒரு கணக்கும் இருக்கிறது. நம் ஆறு பேருக்கு வியாழன் மதியம் 2, 3, 4 மணியும், வெள்ளி காலை 10, 11, 12 மணியும் கிடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆறு நேரத்தையும் ஆறு பேருக்கும் அனுப்பினால் மூன்று பேர் ஒரே நேரத்தைக் கேட்பார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு மறுபடியும் ‘இல்லை’ என்று எழுத வேண்டியிருக்கும். நான் இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுவேன். முதல் இருவருக்கும் வியாழன் 2 அல்லது வெள்ளி 10, அடுத்த இருவருக்கும் வியாழன் 3 அல்லது வெள்ளி 11, கடைசி இருவருக்கும் வியாழன் 4 அல்லது வெள்ளி 12. ‘எது வேண்டும்’ என்று கேட்காமல் ‘எவையெல்லாம் சரிப்படும்’ என்று கேட்பதில்தான் சூட்சுமம். ஒருவர் இரண்டும் சரி என்றால் மற்றவருக்கு அவர் கேட்டதைக் கொடுத்துவிடலாம். இருவருமே ஒரே நேரத்தைத்தான் கேட்டால் தொலைபேசியில் பேசித் தீர்க்க வேண்டியதுதான், ஆனால் அது ஒரு அழைப்போடு முடியும்.

இதையெல்லாம் சேர்த்து முதல் ஆளுக்கு நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

“இன்று (செவ்வாய்) காலை 10 மணி நேர்காணல் நடக்காது, தயவுசெய்து கிளம்ப வேண்டாம். உங்களை நேர்காண இருந்தவர் வீட்டில் திடீர் மருத்துவ அவசரம். இது ஒத்திவைப்புதான், உங்கள் விண்ணப்பத்தில் எந்த மாற்றமும் இல்லை. நீங்கள் இதற்காக நேரம் ஒதுக்கித் தயாராகியிருப்பீர்கள், இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். வியாழன் மதியம் 2 மணி, வெள்ளி காலை 10 மணி: இவற்றில் எவையெல்லாம் உங்களுக்குச் சரிப்படும் என்று நாளை மதியம் 12 மணிக்குள் சொல்லுங்கள். இரண்டும் முடியாது என்றால் முடிந்த நேரத்தைச் சொல்லுங்கள், அதனால் உங்களுக்கு எந்தப் பாதகமும் வராது. வேறு வேலைக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடு இருந்தால் அதையும் தெரிவியுங்கள். இதைப் பார்த்ததும் ‘பார்த்தேன்’ என்று ஒரு வரி அனுப்புங்கள்.”

இதன் கீழே என் பெயரும் நேரடி எண்ணும் இருக்கும். பயணச் செலவைத் திருப்பித் தருவதாக எழுதுவது, அதற்கான ஒப்புதல் கையில் இருந்தால் மட்டும். இணையவழி நேர்காணல் என்றால், வேறு நாட்டிலிருந்து பேசுகிறவருக்கு எந்த நாட்டு நேரம் என்றும் சேர்த்துவிடுவேன்.

‘பார்த்தேன்’ வரி எதற்கு என்றால், அனுப்பியதும் போய்ச் சேர்ந்ததும் ஒன்றல்ல. யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பதில் வராதவர்களைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அழைப்பேன். அதையும் மீறி ஒருவர் வந்துவிடலாம் என்பதால், வரவேற்பில் இருப்பவருக்கும் வாசல் காவலருக்கும் பெயர்களைச் சொல்லிவைக்க வேண்டும். ‘இன்டர்வியூவா? அதெல்லாம் கேன்சல்’ என்று அவர்கள் வாயிலிருந்து ஒருவர் கேட்கக் கூடாது. அப்படி வருகிறவரை நானே இறங்கிப் போய்ப் பார்த்து, உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லி, அவருக்கு எந்த நேரம் வசதி என்று அங்கேயே கேட்டு, மற்றவர்களுக்கு முன்னால் அவருக்கு அதைக் குறித்துக் கொடுத்துவிடுவேன்.