பிட்காயின் டாமினன்ஸ் இறங்கினால் ஆல்ட்காயின் வாங்கலாமா?

தெரிந்த பையன் ஒருவன் கைபேசியில் BTC.D வரைபடத்தை நீட்டி, "அண்ணே, டாமினன்ஸ் விழுது, ஆல்ட்ல இறங்கிடலாமா?" என்றான். ஆல்ட் என்றால் பிட்காயின் அல்லாத மற்ற காயின்கள். 2022இல் நானும் இதே கோட்டைப் பார்த்துத்தான் இறங்கினேன். இன்றும் நினைத்தால் எரிச்சல். இந்தக் கோட்டைப் பார்த்து வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள் இவை.

எதனால் இறங்குகிறது என்று கேட்காமல் விடுவது

BTC.D காட்டும் டாமினன்ஸ் என்பது பிட்காயினின் சந்தை மதிப்பை மொத்தச் சந்தை மதிப்பால் வகுத்த சதவீதம். அந்த மொத்தத்தில் USDT, USDC போன்ற, டாலரோடு விலை கட்டப்பட்ட ஸ்டேபிள்காயின்களும் அடக்கம். வம்பு அங்கேதான்.

சந்தை மொத்தம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிட்காயின் 60, ஆல்ட்காயின்கள் 30, ஸ்டேபிள்காயின் 10. முதல் இரண்டும் பத்து சதவீதம் விழுந்து பிட்காயின் 54, ஆல்ட் 27 ஆகிறது. அதே நேரம் புதிதாக 3 ரூபாய்க்கு ஸ்டேபிள்காயின் வெளியாகிறது. இப்போது மொத்தம் 94, டாமினன்ஸ் 57.4. கோடு இறங்கிவிட்டது, ஆனால் ஆல்ட் பக்கம் ஒரு பைசா வரவில்லை.

2022 ஜூனில் 48 சதவீதத்தை ஒட்டியிருந்த டாமினன்ஸ், செப்டம்பரில் 39க்கு வந்தது. ஆல்ட்காயின்கள் ஏறும் ஆல்ட் சீசன் வந்துவிட்டது என்று சின்னச் சின்ன காயின்களாக வாங்கிக் குவித்தேன். உண்மையில் பிட்காயினின் பங்கை அதிகம் தின்றது ஈதர். செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் பிணையம் மைனிங்கைக் கைவிட்டு ஸ்டேக்கிங்குக்கு மாறிய மெர்ஜை எதிர்பார்த்து அது ஏறியிருந்தது. மெர்ஜ் முடிந்ததும் ஈதர் சரிந்தது, என் காயின்கள் அதைவிட மோசமாகச் சரிந்தன. நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். பரிமாற்றகம் கவிழ்ந்தபோது மிச்சமும் போயிற்று. இந்திய வரி விதியில் அந்த நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்கவும் முடியாது.

இப்போது டிரேடிங்வியூ என்ற வரைபடத் தளத்தில் இதைத் தட்டிப் பார்க்கிறேன்:

```
CRYPTOCAP:BTC/(CRYPTOCAP:TOTAL-CRYPTOCAP:USDT-CRYPTOCAP:USDC)
```

மேலே சொன்ன கணக்கில் இது 60/90, பிறகு 54/81. இரண்டுமே 0.667. கோடு அசையாது. இதுவும் இறங்கி, பிட்காயின் விலை விழாமல் நின்று, பிட்காயின் கணக்கில் ஈதர் விலையான ETHBTC மட்டுமல்லாமல் சிறிய காயின்களும் பிட்காயின் கணக்கில் ஏறினால்தான் அந்த ஏற்றத்துக்கு ஆயுள் உண்டு என்று எடுத்துக்கொள்வேன். டிரேடிங்வியூவின் TOTAL3 கோட்டை மட்டும் நம்ப வேண்டாம். அது பிட்காயினையும் ஈதரையும்தான் கழிக்கிறது, ஸ்டேபிள்காயின்கள் உள்ளேயே இருக்கின்றன.

ஒரு நாள் சரிவுக்கே ஓடுவது

வரைபடத்தில் அந்த வாரத்தின் விலையைக் காட்டும் மெழுகுவர்த்தி மூடட்டும்.

2018இன் அடிமட்டத்துக்குக் காத்திருப்பது

அந்த ஜனவரியில் டாமினன்ஸ் 33 சதவீதம் வரை போனது. அப்போது ஸ்டேபிள்காயின் சந்தையில் ஒரு துளி. இன்றைய எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பயனில்லை.

ஒரு தளத்து எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவது

கூடாது. எந்தக் காயின்களைக் கூட்டுகிறார்கள் என்பது தளத்துக்குத் தளம் மாறும்.

USDT.Dஐத் திறக்காமலே வாங்குவது

மொத்தச் சந்தையில் USDTயின் பங்கைக் காட்டும் கோடு அது. பையனின் கைபேசியில் அதையும் திறந்தோம். ஏறிக்கொண்டிருந்தது. "அப்போ இது…" என்று இழுத்தான். சரி, டீ சொல்லு என்றேன்.